ஒரு தளம் போட்ட நாளை எழுதுங்கள்

சைட் இன்ஜினியர் வேலை கேட்டு வரும் மின்னஞ்சல்களில் ஒரே மூன்று வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ‘கட்டடப் பணிகள் அனைத்தையும் மேற்பார்வையிட்டேன். பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றினேன். ஆட்டோகேட் நன்றாகத் தெரியும்.’ எழுதியவர் உண்மையிலேயே இரண்டு வருடம் வெயிலில் நின்று உழைத்தவராக இருக்கலாம். ஆனால் கல்லூரியை விட்டு நேற்று வந்தவரும் இதே வரிகளை எழுத முடியும். படிக்கும் புராஜெக்ட் மேனேஜருக்கு இருவரையும் பிரித்துப் பார்க்க வழியில்லை.

என் யோசனை எளியது. செய்த வேலைகளையெல்லாம் அடுக்காமல், ஒரு தளம் போட்ட நாளை நான்கைந்து வரியில் எழுதுங்கள். மெயில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே தமிழில் சொல்கிறேன்.

ஒருவர் தரைத்தளமும் மூன்று மாடியும் கொண்ட ஒரு குடியிருப்பில் வேலை பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இப்படி எழுதலாம்: ‘ஒரு தளம் 120 சதுர மீட்டர், கனம் 150 மில்லிமீட்டர். பீம்களையும் சேர்த்து ஒரு தளத்துக்கு 26 கன மீட்டர் எம்25 ரெடிமிக்ஸ் கான்கிரீட். கான்கிரீட் போடுமுன் கம்பி, கவர் பிளாக், முட்டு மூன்றையும் சரிபார்த்துத் தாளில் கையெழுத்திட்டேன். மூன்று முறை மாதிரி எடுத்து கியூப் போட்டேன். ஸ்லம்ப் வரம்பைத் தாண்டிய ஒரு லாரியைத் திருப்பி அனுப்பினோம்.’

இந்த வரிகளைக் கட்டடம் தெரிந்த ஒருவர் உடனே சோதித்துப் பார்ப்பார். 120 சதுர மீட்டரை 150 மில்லிமீட்டரால் பெருக்கினால் 18 கன மீட்டர். மீதி 8 பீம்களுக்கு, பொருந்துகிறது. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி, 16 முதல் 30 கன மீட்டர் வரையிலான கான்கிரீட்டுக்கு மூன்று மாதிரிகள் எடுக்கச் சொல்கிறது. ஒரு மாதிரிக்கு மூன்று கியூப் வீதம் ஒன்பது கியூப்கள், 28ஆம் நாள் உடைத்துப் பார்க்க. ஏழாம் நாள் முடிவும் வேண்டுமென்றால் கூடுதலாகப் போட வேண்டும். ஆக, இந்த எண்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. வேலை பார்க்காதவர் கற்பனையில் எழுதினால் எங்கோ ஓரிடத்தில் கணக்கு இடிக்கும்.

நேர்காணலில் அடுத்த கேள்வி எங்கிருந்து வரும் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். மூன்று மாதிரியையும் முதல் லாரியிலேயே எடுத்தீர்களா? எடுத்திருந்தால் அது தவறு. கான்கிரீட் போடும் நேரம் முழுக்கப் பரவலாக எடுக்க வேண்டும். இன்னொன்று, கியூப் நன்றாக உடைந்ததால் தளமும் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. கியூப் சொல்வது லாரியில் வந்த கலவையைப் பற்றித்தான். மாதிரி எடுத்த பிறகு, பம்ப் அடைக்கிறது என்று ஆட்கள் கலவையில் தண்ணீரைக் கூட்டினாலோ, பீமும் தூணும் சேரும் இடத்தில் நெருக்கமான கம்பிகளுக்கிடையே வைப்ரேட்டர் இறங்காமல் போனாலோ அது கியூபில் தெரியாது. பலகையைப் பிரிக்கும்போது ஜல்லி தெரியும் ஓட்டைகளாக, சைட்டில் ஹனிகோம்ப் என்று சொல்லும் குறையாகத்தான் தெரியும். மேற்பார்வை என்பது அந்த நேரத்தில் பம்ப் அருகே நின்று ‘தண்ணீர் ஊற்றக் கூடாது’ என்று சொல்வதுதான். அதனால்தான் லாரியைத் திருப்பி அனுப்பிய வரி இந்த மெயிலில் மிக வலுவானது. ஆர்டரில் 120 மில்லிமீட்டர் ஸ்லம்ப் கேட்டு, கூடக்குறைய 25 வரை ஏற்கலாம் என்றால் மேல் எல்லை 145. வந்தது 170 என்றால் அந்த லாரியை ஏற்க முடியாது. அந்த எண்ணையும் எழுதலாம்.

முட்டு பிரிப்பதைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாம். 4.5 மீட்டர் வரை ஸ்பான் உள்ள ஸ்லாபின் முட்டுகளை 7 நாளிலும், அதைத் தாண்டினால் 14 நாளிலும் எடுக்கலாம் என்பது அதே விதி. ஆனால் அது சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டுக்கும் ஒழுங்கான நீராற்றலுக்கும் பொருந்தும் கணக்கு. மெதுவாக வலுப்பெறும் சிமென்டாக இருந்தால் நாளைக் கூட்ட வேண்டும். மேஸ்திரி அடுத்த மாடிக்கு முட்டு கேட்டு அவசரப்படுத்தும்போது இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்தவரைத்தான் நிறுவனம் தேடுகிறது.

பாதுகாப்புப் பகுதியில் தலைக்கவசம், பெல்ட் என்று எழுதுவது போதாது. அஸ்திவாரக் குழியை எடுத்துக்கொள்ளுங்கள். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழியின் பக்கச் சுவர்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, இதில் எது அதிகமோ அந்தத் தூரத்தில் கொட்ட வேண்டும். இரண்டு மீட்டர் குழியில் பாதி என்பது ஒரு மீட்டர்தான், எனவே 1.5 மீட்டரே கணக்கு. நடைமுறையில் இடம் இல்லையென்று மண் விளிம்பிலேயே குவிகிறது. அந்தப் பாரம்தான் சுவரைச் சரியச் செய்கிறது. விளிம்புக்கு இணையாகத் தரையில் கீறல் ஓடுவதும், சுவரிலிருந்து மண் பொடியாக உதிர்வதும், நீர் கசிவதும் முன்னறிவிப்புகள். ‘மழைக்குப் பிறகு விளிம்பில் கீறல் கண்டு ஆட்களை மேலே ஏற்றினேன், மேனேஜரிடம் சொல்லிப் பாதி நாள் வேலையை நிறுத்தினேன், முட்டுக் கொடுத்த பிறகு தொடங்கினோம்’ என்ற வரி, இவருக்குப் பாதுகாப்பு என்றால் என்னவென்று தெரியும் என்று காட்டிவிடுகிறது. வேலையை நிறுத்தினேன் என்று எழுதத் தயங்க வேண்டாம். அனுபவத்தின் எல்லையையும் சொல்லுங்கள்: அடித்தளம் இல்லாத கட்டடத்தில் மட்டும் வேலை பார்த்தவர் அதை அப்படியே எழுதட்டும். அடித்தளம் தோண்டும் சைட்டில் தெரிந்தவர்போல் நடிப்பவரால் உயிருக்கே ஆபத்து.

கடைசியாக ஆட்டோகேட். சைட் இன்ஜினியர் அதில் கட்டடத்தை வடிவமைப்பதில்லை. எந்தத் திருத்தப் பதிப்பு நடப்பில் இருக்கிறது என்று பார்ப்பது, கம்பியின் வெட்டு நீளக் கணக்கு போடுவது, முடிந்த கட்டடத்தின் நிலவரத்தை வரைந்து கொடுப்பது ஆகியவையே அவர் வேலை. இதில் அதிகம் சிக்கும் இடம் ஒன்று உண்டு. வரைபடத்தில் ஒரு பீமின் அளவை, கோட்டை நகர்த்தாமல் எழுத்தை மட்டும் மாற்றி 3900 என்று போட்டிருப்பார்கள். `DIST` கட்டளை கொடுத்து அளந்தால் 3750 வரும். அப்போது எது சரி என்று சைட்டில் நாமே முடிவெடுக்கக் கூடாது. வடிவமைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகே சென்ட்ரிங் போட வேண்டும். இப்படி ஒரு முரண்பாட்டைக் கண்டுபிடித்துக் கேட்ட அனுபவம் இருந்தால், அதை ஒரு வரியில் எழுதுங்கள். ஒருமுறை திறந்து பார்த்த மற்ற மென்பொருள்களின் பெயர்களை அடுக்குவதைவிட அது மேல்.

மெயிலின் தலைப்பு வரியில் பதவி, அனுபவ வருடம், எந்த நாளிலிருந்து சேர முடியும் என்ற மூன்றும் இருந்தால் போதும். மேலே சொன்ன அனைத்தும் பன்னிரண்டு வரிக்குள் அடங்கிவிடும். விவரங்கள் இணைப்பிலுள்ள பயோடேட்டாவில் இருக்கட்டும். சான்றுக்காகப் பழைய நிறுவனத்தின் வரைபடங்களை இணைத்து அனுப்பாதீர்கள். அவை அந்த நிறுவனத்துக்கும் அதன் வாடிக்கையாளருக்கும் சொந்தமானவை. அனுமதி வாங்காமல் அனுப்புபவரை, தங்கள் வரைபடத்தையும் நாளை வேறு இடத்துக்கு அனுப்புவார் என்றே புதிய நிறுவனம் எண்ணும்.