உதிரி உதிரியாய் ஜவ்வரிசி

ஆஷாட ஏகாதசியன்று மகாராஷ்டிரத்தில் பல வீடுகளில் அடுப்பேறுவது சாபுதானா கிச்சடி. விரதத்தில் அரிசியும் கோதுமையும் கூடாது. ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, பச்சை மிளகாய் ஆகலாம். இந்த நான்குமே பூர்வீகத்தில் அமெரிக்கக் கண்டங்களின் சரக்கு என்பதை எந்த விரதக்காரரும் பொருட்படுத்துவதில்லை! ஜவ்வரிசியோ பெரும்பாலும் நம் சேலத்திலிருந்து போவது. ஆனாலும் அதை முத்து முத்தாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் சமைப்பதில் மராட்டியப் பெண்களுக்குத்தான் கைப்பழக்கம் அதிகம். பாயசத்திலும் வடகத்திலும் ஜவ்வரிசி குழைந்தால் நமக்கு நல்லதுதானே. உதிர வைக்க வேண்டிய தேவை நமக்கு அவ்வளவாக வந்ததில்லை.

கிச்சடி களியாகிப்போனால் எல்லோரும் வாணலியைக் குறை சொல்வார்கள். தப்பு பெரும்பாலும் நடப்பது முந்தைய இரவு, ஊற வைக்கும்போது.

காரணம் ஜவ்வரிசி உருவாகும் விதத்தில் இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படியும் ஈர மாவைக் குலுக்கிக் குலுக்கி உருண்டையாக்குகிறார்கள். பிறகு சூடான தட்டில் வறுத்து வெயிலில் காய வைக்கிறார்கள். வறுக்கும்போது மேல்தோல் மட்டும்தான் வெந்து இறுகுகிறது. உள்ளே இருப்பது அநேகமாகப் பச்சை மாவு. வெள்ளையாக, மங்கலாக இருக்கும் மாவு ஜவ்வரிசி இது. கிச்சடிக்கு ஏற்றது இதுதான். ஆவியில் வேக வைத்துக் காயவைக்கும் கண்ணாடி போன்ற நைலான் ஜவ்வரிசியைப் பாயசத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆக, ஊற வைப்பதன் நோக்கம், அந்த உள்மாவு வேகத் தேவையான தண்ணீரை முன்கூட்டியே உள்ளே அனுப்புவது. குறைந்தால் நடுவில் கல் நிற்கும். கூடினால் மிச்சத் தண்ணீர் வாணலியில் மேல்மாவைக் கரைத்துப் பசையாக்கிவிடும்.

ஒரு கப் மாவு ஜவ்வரிசியை எடுத்துக்கொள்வோம். முதலில் கழுவ வேண்டும். மூட்டையில் உரசி உரசி உதிர்ந்த மாவு ஒவ்வொரு மணியிலும் ஒட்டியிருக்கும். பசைக்கு முதல் காரணம் அதுதான். விரல்களால் மெதுவாக அலசி, தண்ணீர் பால்போல வருவது நிற்கும்வரை இரண்டு மூன்று முறை வடிக்கலாம். அழுத்திப் பிசைந்தால் மணி உடையும்.

பிறகு அகலமான பாத்திரத்தில் பரப்பி, முக்கால் கப் தண்ணீர் ஊற்ற வேண்டும். மணிகளின் தலை நனைந்தும் நனையாமலும் இருக்கும் அளவு அது. மூழ்கடிக்கக் கூடாது. அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றுவது பெரிய தவறு: மேல்தோல் உடனே வெந்து பசையாகும், உள்ளே ஈரம் சேருமுன் மணிகள் ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரே போதும். ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை கிளறிவிட்டால் அடியில் இருப்பவையும் மேலே இருப்பவையும் சமமாக ஊறும். மொத்தம் ஐந்தாறு மணி நேரம், அல்லது இரவு முழுக்க, மூடி வைக்கலாம்.

ஊறிவிட்டதா என்று கடிகாரத்தைக் கேட்க வேண்டாம். ஒரு மணியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குங்கள். முழுதும் மாவாக நசுங்க வேண்டும். நடுவில் குருணைபோல ஏதாவது தட்டுப்பட்டால், இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்துக் கிளறி, அரைமணி மூடி வைத்தால் சரியாகும். மாறாக, பாத்திரத்தைச் சாய்க்கும்போது அடியில் தண்ணீர் ஓடினால், வடிதட்டில் கொட்டி அரைமணி விட்டு, துணியில் பரப்பி ஈரம் போக்கலாம். மணிகள் ஏற்கெனவே கூழாகக் கரைந்திருந்தால் கிச்சடியை மறந்துவிட்டு, அவித்த உருளைக்கிழங்கைப் பிசைந்து வடை தட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

அடுத்து வேர்க்கடலை. அரை கப் வறுத்த கடலையைத் தோல் நீக்கிக் கரகரப்பாகப் பொடித்து, உப்பும் சிட்டிகை சர்க்கரையும் சேர்த்து, ஊறிய ஜவ்வரிசியோடு அடுப்பேற்றுமுன்பே புரட்ட வேண்டும். ருசிக்காக மட்டுமல்ல, மேலே மிஞ்சிய ஈரத்தை அது இழுத்துக்கொண்டு மணிகளுக்கு இடையில் நிற்கும்.

வாணலி வேலை ஐந்தாறு நிமிடம்தான். நெய்யில் சீரகம், பச்சை மிளகாய், வெந்த உருளைக்கிழங்குத் துண்டுகள். பிறகு ஜவ்வரிசி. மிதமான தீயில் அடியிலிருந்து எடுத்துப் புரட்டினால் போதும், ஓயாமல் கிண்டக் கூடாது. மூடி போட்டால் ஆவி தண்ணீராகச் சொட்டும். வெள்ளை மணிகள் பெரும்பாலும் கண்ணாடியாக மாறியதும் அடுப்பை அணைத்து, எலுமிச்சை பிழியலாம். இன்னும் விட்டால் மணி ரப்பராகும்.

ஒவ்வொரு கடைச் சரக்கும் ஒரே அளவு தண்ணீர் குடிக்காது. புதுப் பொட்டலம் வாங்கினால், விருந்தாளி வரும் நாளில் முழுதையும் கொட்டிவிடாமல், முந்தைய நாளே ஒரு பிடி ஊற வைத்து நசுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.