13.7 சதவீதத்துக்கு அடியில் மூழ்கிக் கிடந்த ஆறு ஆண்டுகள்

ஒரு எளிய விதியை எடுத்துக்கொள்வோம். 2003-ஆம் ஆண்டின் கடைசி வர்த்தக நாளில் ஒரு லட்ச ரூபாயை சென்செக்ஸில் போட வேண்டும். பத்து ஆண்டுகள் தொடக் கூடாது. 2013-இன் கடைசி நாளில் எடுக்க வேண்டும். பழைய விலைகளை வைத்து இந்த விதியைச் சோதித்துப் பார்ப்பதைத்தான் பேக்டெஸ்ட் என்கிறார்கள். சென்செக்ஸ் 5,839 புள்ளிகளில் தொடங்கி 21,171-இல் முடிந்தது. ஒரு லட்சம் ஏறத்தாழ 3 லட்சத்து 62 ஆயிரம் ஆனது. கூட்டு வட்டிக் கணக்கில் ஆண்டுக்கு 13.7 சதவீதம். அறிக்கையின் முதல் வரியில் இந்த எண்தான் தடித்த எழுத்தில் நிற்கும்.

அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 2007 முடிந்தபோதே அந்த ஒரு லட்சம் 3 லட்சத்து 47 ஆயிரமாக வளர்ந்துவிட்டிருந்தது. அதாவது லாபம் ஏறக்குறைய முழுவதும் முதல் நான்கு ஆண்டுகளில் வந்தது. அடுத்த ஆறு ஆண்டுகளும் சேர்ந்து கொடுத்தது வெறும் 15 ஆயிரம். இடையில் 2009 மார்ச்சில் கணக்கைத் திறந்து பார்த்தவருக்கு 1 லட்சத்து 40 ஆயிரம்கூட முழுசாக இல்லை. இறுதி வருமானம் என்ற எண் தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் மட்டுமே பார்த்துக் கணக்கிடப்படுவது. நடுவில் நடந்த எதுவும் அதற்குள் நுழைவதே இல்லை.

நடுவில் நடந்ததைக் காட்டத்தான் இன்னொரு வரைபடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'அண்டர்வாட்டர் கர்வ்' என்பார்கள். நாம் நீரடி வரைபடம் என்று வைத்துக்கொள்ளலாம். அதை வரைவது மிகவும் எளிது. ஒவ்வொரு நாளும் கணக்கில் இருக்கும் தொகையை, அதுவரை அந்தக் கணக்கு தொட்ட உச்சத்தோடு ஒப்பிட வேண்டும். உச்சத்திலேயே இருந்தால் பூஜ்யம். கீழே இருந்தால் எத்தனை சதவீதம் கீழே என்று குறிக்க வேண்டும். 100 ரூபாய் 120 ஆகி, 90-க்கு இறங்கி, 105-க்கு ஏறி, 125-ஐத் தொடுகிறது என்றால் உச்சம் 120. 90-இல் நிற்கும்போது நாம் 25 சதவீத ஆழத்தில் இருக்கிறோம், 105-இல் 12.5 சதவீத ஆழத்தில். 120-ஐத் தாண்டிய பிறகுதான் தலை நீருக்கு மேலே வருகிறது. தொடங்கிய 100-ஐ விட 105 அதிகம்தானே, லாபம்தானே என்று தோன்றும். ஆனால் 120-ஐக் கண்ணால் பார்த்துவிட்ட மனிதருக்கு 105 நஷ்டம்தான். இந்த வரைபடம் அந்த உணர்வோடு ஒத்துப்போகிறது.

எக்செல் தெரிந்தவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். B பத்தியில் இரண்டாவது வரியிலிருந்து நாள்வாரியாகக் கணக்கு மதிப்பு இருக்கட்டும்.

```
C2: =MAX(B$2:B2)
D2: =B2/C2-1
E2: =IF(D2<0, N(E1)+1, 0)
```

மூன்றையும் கடைசி வரி வரை கீழே இழுத்துவிட்டால் போதும். C என்பது அதுவரையிலான உச்சம். D என்பது ஆழம். E என்பது தொடர்ந்து எத்தனை வர்த்தக நாட்களாக நீருக்குள் இருக்கிறோம் என்ற எண்ணிக்கை. D பத்தியை மட்டும் வரைந்தால் நீரடி வரைபடம் வந்துவிடும். மேலே பூஜ்யக் கோடுதான் நீர்மட்டம். அதற்குக் கீழே பள்ளங்களாகத் தொங்கும். ஓராண்டுக்கு ஏறத்தாழ 250 வர்த்தக நாட்கள் என்பதால் E-இல் 750 என்று கண்டால் மூன்று ஆண்டுகள் என்று பொருள்.

இனி நம் சென்செக்ஸ் கணக்கை இந்த வரைபடமாகப் பார்ப்போம். பத்து ஆண்டுகளில் நான்கு பெரிய பள்ளங்கள் கண்ணில் படும்.

முதல் பள்ளம் 2004-இல். ஜனவரியில் 6,194-ஐத் தொட்ட சென்செக்ஸ், தேர்தல் முடிவுகளுக்குப் பிந்தைய பீதியில் மே 17 அன்று 4,505-க்கு விழுந்தது. 27 சதவீத ஆழம். அந்த ஆண்டு முடிவதற்குள் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. இரண்டாவது, 2006 மே 10-இல் 12,612; ஜூன் 14-இல் 8,929. 29 சதவீத ஆழம். அக்டோபரில் மீண்டுவிட்டது, மொத்தமே ஐந்து மாதம். மூன்றாவதுதான் எல்லோருக்கும் நினைவிருப்பது. 2008 ஜனவரி 8-இல் 20,873, 2009 மார்ச் 9-இல் 8,160. 61 சதவீத ஆழம். விழ 14 மாதம், ஏற 20 மாதம் எடுத்து, 2010 தீபாவளி நேரத்தில் மேலே வந்தது. நவம்பர் 5 முகூர்த்த வர்த்தகத்தில் 21,005-இல் முடிந்தது.

நான்காவது பள்ளத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்தத் தீபாவளிக்குப் பிறகு சந்தை மீண்டும் வழுக்கி, 2011 டிசம்பர் 20-இல் 15,175 வரை இறங்கியது. ஆழம் 28 சதவீதம்தான். 2004, 2006 பள்ளங்களின் அளவேதான். ஆனால் இதிலிருந்து மீள 2013 அக்டோபர் 30 வரை ஆனது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். 61 சதவீதம் வீழ்ந்த பெரும் பள்ளம்கூட இதைவிடச் சற்றுச் சீக்கிரமாக முடிந்திருக்கிறது.

ஒரே ஆழமுள்ள இரண்டு பள்ளங்களில் ஒன்று ஐந்து மாதம், இன்னொன்று மூன்று ஆண்டு. 'அதிகபட்ச டிராடவுன் இவ்வளவு' என்று ஒற்றை ஆழத்தை மட்டும் போடும் அறிக்கைகள் எனக்கு நிறைவு தராததற்கு இதுதான் காரணம். பள்ளத்தின் அகலத்தையும் பார்க்க வேண்டும். இந்த வரைபடத்தில் 2008 தொடக்கத்திலிருந்து 2013 இறுதி வரை, 2010 நவம்பரில் ஓரிரு நாள் மூச்சு வாங்கியதைத் தவிர, முழுவதும் தண்ணீருக்குள்தான். மகளின் கல்லூரிக் கட்டணத்தை 2012-இல் கட்ட வேண்டியிருந்த ஒருவருக்கு 13.7 என்ற எண்ணால் என்ன பயன்?

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சென்செக்ஸில் டிவிடெண்ட் சேராது. அதைச் சேர்த்தால் கணக்கு சற்று முன்னதாகவே மேலே வந்திருக்கும். ஆனால் அந்த ஆண்டுகளில் நுகர்வோர் விலைவாசி ஆண்டுக்கு எட்டு சதவீதத்துக்குக் குறையாமல் ஏறியது. அதைக் கழித்துப் பார்த்தால் 2013-இலும் தலை நீருக்கு மேலே வரவில்லை.

ஆழத்துக்கும் மீட்புக்கும் இடையிலான கணக்கு ஏன் இவ்வளவு கொடுமையாக இருக்கிறது? 20 சதவீதம் இழந்தால் 25 சதவீதம் ஏற வேண்டும். பாதியை இழந்தால் இரட்டிப்பாக வேண்டும். 8,160-லிருந்து 20,873-க்குத் திரும்ப 156 சதவீத ஏற்றம் தேவைப்பட்டது. அதன் பிறகும் வேகம் நம் கையில் இல்லை. அது சந்தை கொடுக்கும்போதுதான் வரும்.

அகலத்தைப் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. ஒரு வர்த்தக முறையைப் பின்பற்றுகிறவர் பள்ளத்தில் இருக்கும்போது, முறை கெட்டுவிட்டதா அல்லது இது அதற்கு வழக்கமான சோர்வா என்று தெரியாமல் தவிப்பார். பேக்டெஸ்டில் மிக நீண்ட பள்ளம் 14 மாதம் என்று முன்பே தெரிந்திருந்தால், எட்டாவது மாதத்தில் பதற வேண்டியதில்லை. இரண்டாவது ஆண்டும் கடந்துவிட்டால் சந்தேகப்படக் காரணம் உண்டு. நல்ல முறைகள்கூடப் பெரும்பாலான நாட்களை உச்சத்துக்குக் கீழேதான் கழிக்கும் என்பதையும் இந்த வரைபடம் கண்முன்னே வைக்கிறது.

ஆனால் இந்த வரைபடத்தையும் ஏமாற்ற முடியும். எனக்கு வந்து சேரும் அறிக்கைகளில் அடிக்கடி காண்பது, முடிந்த வர்த்தகங்களை மட்டும் வைத்து வரையும் வேலை. ஒரு லட்ச ரூபாய்க் கணக்கில் 60 ஆயிரத்துக்கு ஒரு பங்கு வாங்கப்படுகிறது. அது 36 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது. விற்கவில்லை என்பதால் அறிக்கை இன்னும் ஒரு லட்சம் என்றே காட்டும். உண்மையில் கையில் இருப்பது 76 ஆயிரம்; 24 சதவீத ஆழம். இரண்டு ஆண்டுகள் காத்திருந்து 61 ஆயிரத்துக்கு விற்றால், அறிக்கையில் ஆயிரம் ரூபாய் லாபம் என்று ஒரு வரி மட்டும் ஏறும். ஸ்டாப் லாஸ் இல்லாமல் இறங்க இறங்க வாங்கிச் சேர்க்கும் முறைகளுக்கு இந்தப் பழக்கம் மிகவும் வசதி. படிக்கட்டு போல் ஏறிக்கொண்டே போகும் கோட்டையும், பள்ளமே இல்லாத நீரடி வரைபடத்தையும் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, கையில் வைத்திருந்த பங்குகளை அன்றாட விலைக்கு மதிப்பிட்டார்களா என்பதைத்தான்.

மாதக் கடைசி நாளை மட்டும் எடுத்து வரைவதும் பள்ளங்களை மேவிவிடும். 2006 மே, ஜூன் மாதக் கடைசிகளில் சென்செக்ஸ் சுமார் 10,400, 10,600 என்று நின்றது. அதனால் 29 சதவீதப் பள்ளம் மாதக் கணக்கில் ஏறத்தாழ பாதியாகிவிடும். ஆண்டுக் கடைசியை மட்டும் பார்த்தால் அந்தப் பள்ளமே இருந்த தடம் தெரியாது. இதேபோல், மாதாமாதம் எஸ்ஐபியில் புதுப் பணம் போடுகிறவர் கணக்கில் உள்ள மொத்தத் தொகையை வரைந்தால், போட்ட பணமே மீட்சி போலத் தெரியும். அவர் யூனிட் மதிப்பை, அதாவது என்ஏவியை வைத்துத்தான் வரைய வேண்டும்.

வரைபடத்தின் வலது ஓரத்தையும் கவனியுங்கள். சோதனை முடியும் நாளில் கணக்கு இன்னும் நீருக்குள் இருக்கலாம். அந்தக் கடைசிப் பள்ளம் இன்னும் முடியாததால், சராசரி மீட்புக் காலத்தைக் கணக்கிடும் சில மென்பொருள்கள் அதைச் சேர்ப்பதே இல்லை. ஒருவேளை எல்லாவற்றிலும் நீளமானது அதுவாகவே இருக்கும்.

பேக்டெஸ்டில் கண்ட மிக மோசமான பள்ளம் எதிர்காலத்துக்கு வரம்பு கட்டாது. அது நடந்து முடிந்த ஒரே ஒரு வரலாறு. 1989-இன் கடைசி வர்த்தக நாளில் ஜப்பானின் நிக்கேய் குறியீடு 38,915-இல் முடிந்தபோது, அதற்கு முந்தைய நாற்பது ஆண்டு விலைகளை அலசியவர்கள் யாரும் அடுத்த பள்ளத்தின் அகலத்தை ஊகித்திருக்க முடியாது. அந்த உச்சத்தை நிக்கேய் மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரி 22-இல். 34 ஆண்டுகள் கழித்து. அதனால் சோதனையில் கண்ட ஆழத்தையும் காலத்தையும் இரட்டிப்பாக்கி, அதைத் தாங்க முடியுமா என்று கேட்டுக்கொள்வது என் வழக்கம். இரட்டிப்பு என்பதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் கிடையாது. எச்சரிக்கையாக வைத்துக்கொண்ட அளவு, அவ்வளவுதான்.

யாராவது ஒரு வர்த்தக முறையை உங்களுக்கு விற்க வந்து ஆண்டு வருமானத்தைச் சொன்னால், நாள்வாரிக் கணக்கு மதிப்பை எக்செல் கோப்பாகக் கேளுங்கள். மேலே உள்ள மூன்று சூத்திரங்களைப் போட ஐந்து நிமிடம் போதும். கோப்பைத் தர மறுத்தால் பணம் கொடுக்காதீர்கள்.