15 நாள் எந்தத் தேதியில் தொடங்கும்?

சட்டப் படிப்பில் ‘ட்ராஃப்டிங், ப்ளீடிங், கன்வேயன்சிங்’ என்று ஒரு தாள் உண்டு. பார் கவுன்சில் விதிப்படி அது கட்டாயத் தாள். அதில் சப்ளை ஒப்பந்தம் பற்றிக் கேள்வி வந்தால், பெரும்பாலும் சோதிக்கப்படுவது இரண்டு ஷரத்துகள்தான். ஒப்பந்தத்தை எப்போது முறித்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. நஷ்டம் வந்தால் யார் ஈடுகட்டுவது என்பது மற்றொன்று. இதை ஈட்டுறுதி என்பார்கள். கேள்வித்தாளில் வேண்டுமென்றே குழப்பமாக எழுதிய ஷரத்தைக் கொடுத்து, குழப்பம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்தி எழுதச் சொல்வார்கள்.

ஒரு மாதிரிக் கேள்வியைப் பார்ப்போம். ஒரு நூற்பாலை, ஏற்றுமதி செய்யும் ஒரு பனியன் கம்பெனிக்கு மாதம் 10 டன் நூல் தர ஒப்புக்கொள்கிறது. முறிவு ஷரத்து இப்படி இருக்கிறது: “ஆலை ஒப்பந்தத்தை மீறினால், அறிவிப்பு கொடுத்து, 15 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் கம்பெனி ஒப்பந்தத்தை முறிக்கலாம்.”

படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. தேதிகளைப் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். மார்ச் 3ஆம் தேதி வரவேண்டிய 10 டன்னில் 6 டன்தான் வந்தது. கம்பெனி மார்ச் 10ஆம் தேதி அறிவிப்பு அனுப்பியது. அன்றே ஆலைக்குக் கிடைத்தது. மார்ச் 20ஆம் தேதி ஒப்பந்தத்தை முறித்துக் கடிதம் எழுதியது. ஆலையோ மீதி 4 டன்னை 22ஆம் தேதி லாரியில் ஏற்றி அனுப்பியது. கம்பெனி லாரியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது.

15 நாளை மீறல் நடந்த 3ஆம் தேதியிலிருந்து எண்ணினால் கெடு 18ஆம் தேதியோடு முடிந்தது, முறிவு செல்லும். அறிவிப்பு கிடைத்த 10ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 25 வரை ஆலைக்கு அவகாசம் இருக்கிறது, முறிவு செல்லாது. இரண்டாவது வாசிப்பு சரி என்றாகிவிட்டால், ஒப்பந்தத்தை மீறியது கம்பெனிதான். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி ஆலைக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டிய நிலை அதற்கு வரும். தாமதத்தால் பாதிக்கப்பட்டவரே பதில் சொல்ல வேண்டியவராக மாறிவிடுகிறார். “சரிசெய்யாவிட்டால்” என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதும் மாணவர்கள் இந்தத் தேதிக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

திருத்தம் கடினமானதல்ல: “மீறலை விவரித்துக் கம்பெனி எழுத்தில் அனுப்பும் அறிவிப்பு ஆலைக்குக் கிடைத்த நாளுக்கு மறுநாளை முதல் நாளாகக் கொண்டு 15 நாளுக்குள் ஆலை சரிசெய்யாவிட்டால்” என்று எழுதினால் போதும். எந்த முகவரிக்கு, தபாலிலா மின்னஞ்சலிலா, எப்போது கிடைத்ததாகக் கொள்வது என்பதையும் சேர்த்தால் முழு மதிப்பெண்.

இன்னொரு பொறி அதே வாக்கியத்தில் இருக்கிறது. “மீறினால்” என்றால் எந்த மீறல்? ஒரு மூட்டை ஒரு நாள் தாமதமானாலும் முறிக்கலாமா? இங்கிலாந்தில் ஷூலர் என்ற ஜெர்மன் கம்பெனிக்கும் விக்மன் என்ற விற்பனை நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கு இதற்குப் பெயர்பெற்றது. ஆறு கார் கம்பெனிகளை வாரம் ஒருமுறை சென்று பார்ப்பது இந்த ஒப்பந்தத்தின் ‘நிபந்தனை’ என்று எழுதியிருந்தார்கள். நான்கரை ஆண்டு ஒப்பந்தத்தில் அப்படிப் போகவேண்டிய முறைகள் ஏறக்குறைய 1,500. அங்குள்ள சட்ட மரபில் ‘நிபந்தனை’யை மீறினால் ஒப்பந்தத்தை முறிக்கலாம். ஆனாலும் ஒரு சந்திப்பு தவறினாலே முறித்துவிடலாம் என்று இரு தரப்பும் நினைத்திருக்க முடியாது என்று 1973இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அந்த விளைவைத்தான் உண்மையில் விரும்பினார்கள் என்றால், அதை வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். ஆகவே தேர்வில் “முக்கிய மீறல்” என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வது போதாது. “ஒரு மாத அளவில் 2 டன்னுக்கு மேல் குறைவது, அல்லது 7 நாளுக்கு மேல் தாமதமாவது” என்று அளவு சொல்ல வேண்டும்.

ஈட்டுறுதி ஷரத்துக்கு வருவோம். “தரமற்ற நூலால் கம்பெனிக்கு ஏற்படும் இழப்புகள், செலவுகள், கட்ட நேரும் அபராதங்கள் ஆகியவற்றை, வெளிநாட்டு வாடிக்கையாளர் எழுப்பும் கோரிக்கையின் பேரில், ஆலை ஈடுகட்டும்.” பஞ்சு பேலைச் சுற்றிய பிளாஸ்டிக் சாக்கின் இழை நூலில் கலந்துவிடுவது பின்னலாடைத் தொழிலில் பழைய தலைவலி. நூலாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. சாயம் போட்ட பிறகு அந்த இழை மட்டும் நிறம் பிடிக்காமல் வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கம்பெனியின் தரப் பரிசோதகர் ஏற்றுமதிக்கு முன்பே இதைக் கண்டுபிடித்து, துணியை ஒதுக்கி, புது நூல் வாங்கி மறுபடி பின்னி, கெடுவைக் காப்பாற்ற விமானத்தில் அனுப்புகிறார் என்று கேள்வி சொல்லும். வெளிநாட்டு வாடிக்கையாளர் எந்தக் கோரிக்கையும் எழுப்பவில்லை. செலவு யாருடையது?

“கோரிக்கையின் பேரில்” என்ற சொற்கள் அபராதத்துக்கு மட்டும் பொருந்துமா, இழப்பு, செலவு எல்லாவற்றுக்கும் பொருந்துமா? எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றால், பொறுப்பாக முன்கூட்டியே கண்டுபிடித்த கம்பெனிக்கு இந்த ஷரத்தின்படி ஒரு ரூபாயும் வராது. பிரிட்டனில் இதே மாதிரி நடந்தது. கேப்பிட்டா நிறுவனம் ஒரு காப்பீட்டுத் தரகு கம்பெனியை விலைக்கு வாங்கியது. வாடிக்கையாளர்களிடம் தவறான முறையில் காப்பீடு விற்கப்பட்டதை, யாரும் புகார் கொடுக்காமலேயே, அந்தக் கம்பெனியின் ஊழியர்களே கண்டுபிடித்தார்கள். கம்பெனி தானே முன்வந்து ஒழுங்குமுறை ஆணையத்திடம் சொன்னது. வாடிக்கையாளர்களுக்கு ஈடும் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பணத்தை விற்றவரிடம் கேட்டபோது, ஷரத்து புகாரோ கோரிக்கையோ வந்து ஏற்பட்ட இழப்பை மட்டுமே தாங்கும் என்று 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் வேறு உத்தரவாதங்கள் இருந்தன. ஆனால் அவற்றின் கீழ் கோர வைத்திருந்த இரண்டு ஆண்டுக் கெடு தாண்டிவிட்டிருந்தது.

இங்கே பல மாணவர்கள் செய்யும் தவறு, “எந்தவிதமான, எல்லாவிதமான” என்று சொற்களைக் கூட்டுவது. பட்டியல் நீளமானாலும் கடைசியில் தொங்கும் சொற்றொடர் எதோடு சேர்கிறது என்ற கேள்வி அப்படியே இருக்கும். பிரித்து எழுதுவதுதான் வழி. (அ) தரமற்ற நூலால் கம்பெனிக்கு நேரடியாக ஏற்படும் மறுபின்னல், சாயம், போக்குவரத்துச் செலவுகள், யாரும் கோரிக்கை எழுப்பினாலும் எழுப்பாவிட்டாலும். (ஆ) வெளிநாட்டு வாடிக்கையாளர் கோரிக்கை எழுப்பினால், அதற்காகக் கம்பெனி செலுத்தும் தொகை. இரண்டாவதற்கு ஒரு எல்லையும் தேவை. கம்பெனி ஆலையைக் கேட்காமலே வாடிக்கையாளருக்குப் பெரிய தள்ளுபடி கொடுத்துவிட்டு, முழுத் தொகையையும் ஆலை தலையில் கட்டக்கூடும். அதனால் சமரசம் செய்யும் முன் ஆலைக்கு எழுத்தில் தெரிவித்து, பதில் சொல்ல இத்தனை நாள் தரவேண்டும் என்று சேர்ப்பது நல்லது.

என் கணிப்பில், விடைத்தாள்களைத் தரம் பிரிப்பது அடுத்த கேள்விதான்: இரண்டு ஷரத்துகளும் சந்திக்கும் இடம். ஒப்பந்தம் ஜூன் மாதம் முறையாகவே முறிக்கப்பட்டது. மே மாதம் வந்த நூலில் இழை கலந்திருந்தது, ஆகஸ்டில் தெரிய வந்தது. முறிவு ஷரத்தின் கடைசி வரி, “முறிவுடன் இரு தரப்பின் கடமைகளும் முடிவுக்கு வரும்” என்கிறது. ஆலை அந்த வரியைக் காட்டி ஈடுகட்ட மறுக்கும். முறிவுக்கு முன்பே பிறந்த உரிமை சாகாது என்று கம்பெனி வாதிடும். உரிமை பிறந்தது நூல் வந்த மே மாதத்திலா, நஷ்டம் வெளிப்பட்ட ஆகஸ்டிலா என்று சண்டை நடக்கும். இரண்டு ஷரத்துகளையும் தனித்தனியே அழகாகத் திருத்தியவர்கள்கூட அந்தக் கடைசி வரியைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் இந்த வழக்குக்கே இடமில்லை: “முறிவுக்கு முன் டெலிவரி ஆன நூலைப் பொறுத்தவரை, நஷ்டமோ கோரிக்கையோ எப்போது தெரிய வந்தாலும், ஈட்டுறுதி ஷரத்தும் பணம் செலுத்தும் கடமையும் முறிவுக்குப் பின்னும் தொடரும்.”