விசிறிக்கு அடியில் பதுங்கிய பஞ்சு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே கணக்குப் பார்க்கும் அக்கா ஒருநாள் போனில் சொன்னார்: "தம்பி, காலைல நல்லாத்தானுங்க ஓடுது. பதினொரு மணிக்கு மேல மிக்ஸி ஓடற மாதிரி சத்தம். டேலி திறக்கவே ரெண்டு நிமிஷம் ஆகுது. மூணு மணிக்குத் தானா ஆஃப் ஆயிருதுங்க. பத்து நிமிஷம் விட்டுப்போட்டா மறுபடியும் ஓடுது."

அந்தக் கடைசி வரி போதும். ஆறவிட்டால் ஓடுகிற கம்ப்யூட்டரில் முதலில் பார்க்க வேண்டியது சூட்டைத்தான்.

போய் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே துடைத்துவிட்டாற்போல இருந்தது. ஓவர்லாக் மெஷின்களுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் பைப்பை இழுத்துவந்து, இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் யாரோ ஊதியிருக்கிறார்கள். "தூசியே இல்லீங்களே தம்பி, அப்புறம் எதுக்குச் சூடாகுது?" என்றார் அக்கா. நியாயமான கேள்வி. HWMonitor என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். எந்த வேலையும் கொடுக்காமலே பிராசஸர் 84 டிகிரியில் நின்றது. ஒரு பெரிய ரிப்போர்ட்டைத் திறந்ததும் 100-ஐத் தொட்டது. சும்மா இருக்கும்போது 40, 50 டிகிரியில் இருக்க வேண்டிய வகை அது. 100-க்குப் போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காவிட்டால் மொத்தமாக நின்றுவிடும். டேலி ஆமையானதும் மூன்று மணிக்கு மெஷின் அணைந்ததும் இதனால்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிராசஸர் மேலிருக்கும் வட்ட விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே செல்போன் டார்ச்சை அடித்தேன். அலுமினியத் தகடுகள் மின்ன வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி தெரிந்தது.

பஞ்சும் தூசியும் ஒன்றல்ல. மண்தூசி பொடி. தகடுகளின் இடுக்கு வழியாகப் பெரும்பகுதி காற்றோடு வெளியே போய்விடும். பஞ்சு இழை. ஒரு இழை தகட்டு விளிம்பில் குறுக்கே விழுந்தால் அடுத்தது அதில் சிக்கும். கொஞ்ச நாளில் அது ஒரு சல்லடை ஆகும். அதன்பிறகு பொடித் தூசியும் தப்பிக்க முடியாது. தையல் மெஷின் எண்ணெயின் பிசுக்கும் சேர்ந்தால் அது மெத்தையாகவே படிந்துவிடும். இதெல்லாம் நடப்பது விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவிலுள்ள விரற்கடை இடத்தில். விசிறி மேலிருந்து கீழே காற்றை அழுத்துகிறது, மெத்தையும் கீழ்நோக்கி அழுந்துகிறது. அதே திசையில் கம்ப்ரஸரால் ஊதினால் இன்னும் இறுகத்தான் செய்யும். பலகையில் கிடந்த தூசி பறந்துபோய்க் கேபினட் சுத்தமாகத் தெரியும். பலகையில் கிடக்கும் தூசியால் பெரிய கெடுதல் இல்லை. கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத இந்த மெத்தைதான்.

கம்ப்ரஸரை வேண்டாம் என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. கார் டயரில் இருப்பதைப்போல மூன்று மடங்கு அழுத்தம் அந்தப் பைப்பில் சாதாரணமாக இருக்கும். சின்ன இணைப்புகளைப் பெயர்க்க அது தாராளமாகப் போதும். டாங்கியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும், எண்ணெயும் கலந்திருக்கும். காற்றோடு அந்தத் துளிகள் பலகையில் தெறிக்கும். மூன்றாவது, விசிறி. நிறுத்திப் பிடிக்காமல் ஊதினால் அது தன் வேகத்தைவிடப் பல மடங்கு சுழலும், பேரிங் தேயும். சுழலும் விசிறி சைக்கிள் டைனமோ மாதிரி, தானே மின்சாரம் உண்டாக்கும். அது வயர் வழியாக மதர்போர்டுக்குத் திரும்பிப் போகலாம். ஆகவே எதை வைத்து ஊதினாலும் இறக்கையை ஒரு விரலாலோ ஐஸ் குச்சியாலோ அசையாமல் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும். இந்த ஒன்றை மட்டுமாவது மறக்காதீர்கள். சுத்தம் செய்த மறுநாளிலிருந்து கரகர சத்தம் போடும் விசிறிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் செய்பவர்களுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கேமரா லென்ஸுக்குப் பயன்படுத்தும் ரப்பர் பம்ப், அல்லது வீட்டு உபயோகத்துக்கு விற்கும் சின்ன ப்ளோயர். ப்ளோயரானால் ஒரு அடி தள்ளிப் பிடிக்க வேண்டும். அதோடு ஓர் அங்குலப் பெயின்ட் பிரஷ், புதியது, பன்றிமுடி போன்ற இயற்கை முடியில் செய்தது. நைலான் பிரஷ் தேய்க்கத் தேய்க்க நிலைமின்சாரம் உண்டாக்கும். பிரஷ்ஷின் தகரப் பட்டை பலகையில் கீறாமலிருக்க அதன்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். டப்பாவில் அடைத்த காற்று வாங்கினால் நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். சாய்த்தால் உள்ளிருக்கும் திரவம் உறைபனிக் குளிரோடு பீச்சியடிக்கும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். வாக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் மூக்கைப் பலகையில் உரசவும் கூடாது. பறக்கும் தூசியை வெளியே நின்று இழுத்துக்கொள்ள மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

தொடங்கும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால் பலகையில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். உள்ளே கை வைக்குமுன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொடுங்கள், நடுநடுவேயும் தொட்டுக்கொள்ளுங்கள். நம் உடம்பிலிருந்து பாயும் நிலைமின்சாரம் நமக்குச் சுரீரென்று தெரிய மூவாயிரம் வோல்ட் அளவுக்கு இருக்க வேண்டும். சிப்புகள் அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே பழுதாகும். தெரியவில்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகாது.

அக்காவின் மெஷினுக்கு வருகிறேன். அதிலிருந்தது இன்டெல் பிராசஸரோடு வரும் வட்டக் கூலர். நான்கு மூலையிலும் கறுப்புப் பிளாஸ்டிக் குமிழ், ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அம்புக்குறி. முதலில் விசிறியின் வயரை `CPU_FAN` என்று எழுதியிருக்கும் இடத்திலிருந்து, வயரை இழுக்காமல் அதன் பிளாஸ்டிக் முனையைப் பிடித்துக் கழற்றினேன். நான்கு குமிழையும் அம்பு காட்டும் திசையில் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் கூலர் விடுபடும். பழைய பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்ததால் இடமும் வலமும் மெல்ல அசைத்தேன். ஏ.எம்.டி. மெஷினானால் இங்கே கூடுதல் கவனம் வேண்டும். பல மாடல்களில் கூலரை வெடுக்கென்று இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து கூடவே வந்து, அடியிலிருக்கும் மெல்லிய ஊசிகள் வளைந்துவிடும். கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் மெஷினை ஓட்டினால் பேஸ்ட் இளகும். அதன்பிறகு பிளக்கைப் பிடுங்கி, கூலரைத் திருகினாற்போல அசைத்து எடுக்க வேண்டும்.

வெளியே எடுத்த கூலரின் தகடுகளுக்கு இடையே குச்சியை விட்டு நெம்பினேன். மெத்தை ஒரே துண்டாக, வட்ட வடிவம் கலையாமல் வந்தது. மேலே வெளிர் சாம்பல், அடுத்து ரோஸ், அதற்கும் கீழே கருநீலம். அக்கா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த ரோஸ் தீபாவளிக்கு முன்னால ஓடுன ஆர்டருங்க தம்பி" என்றார். கடையில் விற்கும் ஃபெல்ட் துணி போலவே இருந்தது. எதிரே பிடித்துப் பார்த்தால் டியூப்லைட்டின் வெளிச்சம்கூட ஊடுருவவில்லை. காற்று எப்படிப் போயிருக்கும்?

தகடுகளைப் பிரஷ்ஷால் நீவி, அடிப்பக்கத்திலிருந்து விசிறியை நோக்கி ஊதினேன். வந்த வழியாகவே திருப்பித் தள்ள வேண்டும், அதுதான் கணக்கு. விசிறி இறக்கைகளின் பிசுக்கை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன். நடுவிலிருக்கும் பேரிங் பக்கம் எதையும் விடக் கூடாது. தேங்காய் எண்ணெய் விடுவார்கள் சிலர். அடுத்த மாதம் அதுவே பஞ்சைப் பிடித்துவைக்கும் பசையாகிவிடும்.

கூலரைக் கழற்றினால் பேஸ்ட்டைப் புதிதாக வைத்தே ஆக வேண்டும். பழையதை அதே ஆல்கஹாலால் இரண்டு பக்கமும் சுத்தமாகத் துடைத்து, உலர்ந்த பிறகு பிராசஸரின் நடுவில் மிளகைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு பொட்டு. தடவ வேண்டாம், கூலர் அழுத்தும்போது தானே பரவும். மாட்டும்போது குமிழ்களை முதலில் பழைய நிலைக்குத் திருப்பி, நான்கு காலும் துளையில் உட்கார்ந்த பிறகு எதிரெதிர் மூலையாக 'க்ளிக்' என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். ஒரு கால் சரியாக இறங்காவிட்டால் கூலர் ஒருபக்கம் தூக்கிக்கொள்ளும். மெஷின் ஓடும், ஆனால் சூடு முன்பைவிட மோசமாகும். கூலரை விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள், ஆடவே கூடாது. வயரை மாட்ட மறந்தால் பல மெஷின்கள் திரையிலேயே `CPU Fan Error` என்று சொல்லிவிடும். படமே வராவிட்டால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கை பட்டு ராம் தளர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதை எடுத்து மறுபடி அழுத்தினால் சரியாகும்.

பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். நம் வீட்டு 230 வோல்ட் அதற்குள்ளே முந்நூறுக்கு மேற்பட்ட வோல்ட்டாக கெபாசிட்டரில் சேர்ந்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். கம்பி வலை வழியாக மரக்குச்சியால் விசிறியைத் தடுத்துக்கொண்டு, வெளியிலிருந்தே மெல்ல ஊதினால் வருவது வரும். வராதது வராமல் இருக்கட்டும்.

மெஷினை ஓட்டியபோது சும்மா இருக்கையில் 46 டிகிரி, அதே ரிப்போர்ட்டுக்கு 68. மாலை வரை உட்கார்ந்து பார்த்தேன், அணையவில்லை. எல்லோரும் கூலரைக் கழற்ற வேண்டியதில்லை. டார்ச் அடித்தால் தகடு தெரிகிறதா, சும்மா இருக்கும்போது சூடு பழைய அளவில் நிற்கிறதா, இந்த இரண்டும் சரியாக இருந்தால் ஊதிவிட்டு மூடிவிடலாம். சாதாரண வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். பஞ்சு பறக்கும் இடத்தில் மாதாமாதம் பார்க்க வேண்டும்.

கேபினட் தரையில், கட்டிங் டேபிளைப் பார்த்த மாதிரி இருந்தது. அதைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஏற்றி, வாசலுக்கு முதுகு காட்டாமல் திருப்பிவைத்தேன். காற்று உள்ளே போகும் முன்பக்கத்தில் மெல்லிய நைலான் வலையைப் பொருத்தினேன். பின்னாலிருக்கும் விசிறி காற்றை வெளியே தள்ளுகிறதா என்று ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன். வலைகள் இரண்டு வாங்கிக் கொடுத்தேன். ஒன்றைக் கழுவி நன்றாகக் காயவைக்கும்போது இன்னொன்று மாட்டியிருக்கட்டும் என்று.

அடுத்த மாதம் போனபோது அக்கா குழாயடியில் வலையை அலசிக்கொண்டிருந்தார். தண்ணீரோடு பச்சைப் பஞ்சு ஓடியது. உள்ளே மாட்டியிருந்த வலையில் அப்போதே மஞ்சள் படிய ஆரம்பித்திருந்தது.