பழைய கம்பெனி தராமல் விட்ட இரண்டு கடிதங்கள்

ராஜினாமா செய்து, நோட்டீஸ் பீரியடை முழுதாக முடித்து, கடைசி நாளில் ஐடி கார்டையும் லேப்டாப்பையும் ஒப்படைத்துவிட்டு வெளியே வருகிறோம். 'லெட்டர் மெயிலில் வரும்' என்கிறார்கள். வருவதில்லை. அடுத்த வேலையில் யாரும் கேட்காததால் நாமும் விட்டுவிடுகிறோம். இரண்டு வருடம் கழித்து ஒரு பெரிய கம்பெனியில் ஆஃபர் வரும்போதுதான், பின்னணி சரிபார்க்கும் ஏஜென்சி அந்தக் காகிதத்தைக் கேட்கும்.

கேட்பது உண்மையில் இரண்டு காகிதங்கள். ராஜினாமாவை ஏற்று இந்தத் தேதியில் பணியிலிருந்து விடுவித்தோம் என்பது ரிலீவிங் லெட்டர். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இந்தப் பதவியில் வேலை செய்தார் என்பது அனுபவச் சான்றிதழ். சில கம்பெனிகள் இரண்டையும் ஒரே தாளில் தருவதுண்டு. ஆனாலும் கேட்கும்போது இரண்டின் பெயரையும் தனித்தனியே எழுதுங்கள். 'என் டாக்குமெண்ட்ஸ் வேண்டும்' என்று எழுதினால் பழைய சம்பளச் சீட்டை அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள்.

கடிதம் எழுதும் முன் பி.எஃப். தளத்தில் உங்கள் யுஏஎன் எண்ணைக் கொண்டு நுழைந்து, 'Service History' பகுதியைப் பாருங்கள். நீங்கள் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அங்கே இருக்கும். ஏஜென்சியும் பெரும்பாலும் இதைத்தான் ஒப்பிடும். ஜூன் 30 என்று அங்கே இருக்க, கடிதத்தில் ஜூலை 5 என்று வந்தால் புதுத் தலைவலி. விலகிய தேதி காலியாக இருந்தால், அதையும் பதியச் சொல்லி இதே கடிதத்தில் கேட்டுவிடலாம். கடைசி பி.எஃப். கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தால் 'Mark Exit' வழியாக நீங்களேகூடப் பதியலாம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் மூன்று வருடம் இருந்த ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வழக்கமாக இது ஆங்கிலத்தில்தான் போகும். சாரம் இப்படி இருக்கலாம்:

"பொருள்: ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ் கோருதல் – பணியாளர் எண் 1147.

ஐயா / அம்மா, நான் 06.07.2020 முதல் 30.06.2023 வரை தங்கள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்டாகப் பணிபுரிந்தேன். 01.06.2023 அன்று ராஜினாமா கடிதம் கொடுத்து, நோட்டீஸ் காலத்தை முடித்து விலகினேன். எனக்குரிய ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் இதுவரை கைக்கு வரவில்லை. என் அலுவலக மின்னஞ்சலுக்கு ஏற்கெனவே அனுப்பப்பட்டிருந்தால், கீழே உள்ள என் சொந்த மின்னஞ்சலுக்கு மறுபடி அனுப்ப வேண்டுகிறேன். என் தரப்பில் ஏதேனும் பாக்கி இருந்தால் அதை எழுத்தில் தெரிவிக்கவும், முடித்துத் தருகிறேன். நியமனக் கடிதம், ராஜினாமா ஏற்பு மின்னஞ்சல், கடைசிச் சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்."

உங்களைத் தெரிந்த ஹெச்.ஆர். அநேகமாக அங்கே இப்போது இருக்க மாட்டார். புதிதாக வந்தவர் பழைய ஃபைலைத் தேடாமலே லெட்டர்ஹெட்டில் அடிக்க வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. அலுவலக மின்னஞ்சல் பற்றிய வரிக்கும் காரணம் உண்டு. அந்த முகவரிக்கே லெட்டரை அனுப்பிவிட்டு, கடைசி நாள் மாலையே அதை முடக்கிவிடும் கூத்து பல இடங்களில் நடக்கிறது. பாக்கி பற்றிய வரி இன்னும் முக்கியம். நோ டியூஸ் படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டாலோ, நோட்டீஸ் நாட்களில் நாலைந்து குறைந்தாலோ லெட்டர் அப்படியே கிடப்பில் கிடக்கும். எழுத்தில் கேட்டால்தான் என்ன தடை என்று வெளியே வரும்.

வராத இன்சென்டிவ், மேனேஜர் பேசிய பேச்சு இதையெல்லாம் இந்தக் கடிதத்தில் சேர்க்காதீர்கள். கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் பணத் தகராறு என்று தெரிந்தால் ஹெச்.ஆர். அதைச் சட்டப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார். அதற்குத் தனிக் கடிதம் எழுதுங்கள்.

பத்து நாளில் பதில் இல்லையென்றால், அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே நினைவூட்டல் போடுங்கள். அதற்கும் அசைவில்லையென்றால் கடிதத்தை அச்செடுத்து, பதிவு அலுவலக முகவரிக்கு ஒப்புகை அட்டையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். (பழைய பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள்.) பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் பதிவு அலுவலக முகவரி மத்திய அரசின் கம்பெனி விவகாரத் துறைத் தளத்தில் கிடைக்கும்.

நோட்டீஸ் கொடுக்காமல் பாதியில் நின்றவர்களுக்கு ரிலீவிங் லெட்டர் கிடைப்பது கடினம். அவர்கள் வேலை செய்த காலத்துக்கான அனுபவச் சான்றிதழை மட்டுமாவது கேட்கலாம். கம்பெனியே மூடிவிட்டதென்றால் நியமனக் கடிதம், ஃபார்ம் 16, சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மெண்ட், பி.எஃப். பாஸ்புக் ஆகியவற்றோடு, பதில் வராத உங்கள் கடிதத்தின் நகலையும் தபால் ரசீதையும் சேர்த்து ஏஜென்சியிடம் கொடுங்கள். ஏற்பதும் மறுப்பதும் புதுக் கம்பெனியின் விருப்பம்தான் என்றாலும், பல இடங்களில் ஏற்கிறார்கள். போலி லெட்டர்ஹெட்டில் அடித்துக் கொடுத்து மாட்டிக்கொண்டால், சேர்ந்த பிறகும்கூட வேலை போகும்.