கம்பி கான்கிரீட் உத்திரத்தின் நீண்டகாலத் தொய்வு

பீம் எனப்படும் கம்பி கான்கிரீட் உத்திரம், முட்டுகளை எடுத்தவுடன் சிறிது தொய்கிறது. சுமை கூடாவிட்டாலும் அத்தொய்வு பின்வரும் சில ஆண்டுகளில் மெல்ல வளர்கிறது. இதுவே நீண்டகாலத் தொய்வு. விரிசல், ஊர்வு, உலர்சுருக்கம் ஆகிய மூன்றும் இதற்குக் காரணங்கள்.

எடுத்துக்காட்டாக, இரு முனைகளிலும் தாங்கப்பட்ட 5 மீட்டர் நீள உத்திரம் ஒன்றைக் கொள்வோம். அகலம் 230 மி.மீ., உயரம் 450 மி.மீ., கான்கிரீட் எம்20. அடிப்பகுதியில் 20 மி.மீ. கம்பிகள் மூன்று. மீட்டருக்கு 15 கிலோநியூட்டன் சுமை நிலையாக உள்ளது. கணக்கு இந்தியத் தர நெறி ஐ.எஸ். 456:2000-இன்படி செய்யப்படுகிறது.

விரிசல்

விரிசலே இல்லையெனில் தொய்வு 3.1 மி.மீ. தான். ஆனால் சுமையால் வரும் வளைவுத் திருப்புமை 46.9 கிலோநியூட்டன் மீட்டர், 24.3-ஐத் தாண்டியதுமே அடிப்பகுதியில் மயிரிழை விரிசல்கள் தோன்றிவிடும். அங்கே இழுவையைக் கம்பி மட்டுமே தாங்குவதால் உத்திரத்தின் விறைப்பு ஏறத்தாழப் பாதியாகிறது. உடனடித் தொய்வு 6 மி.மீ. ஆகிறது.

ஊர்வு

அழுத்தத்தில் உள்ள கான்கிரீட் நாளடைவில் மேலும் நசுங்குவதே ஊர்வு. 28 நாளில் சுமையேற்றினால் ஊர்வுக் கெழு 1.6, அதாவது கான்கிரீட்டின் மொத்த நசுக்கம் 2.6 மடங்காகும். தொய்வும் 2.6 மடங்காகுமா? ஆகாது. எஃகுக் கம்பி ஊர்வதில்லை. மேற்பகுதி நசுங்க நசுங்க, அழுத்தம் தாங்கும் பகுதியின் ஆழம் 140 மி.மீ.இலிருந்து 200 மி.மீ.ஆகக் கூடி, இழப்பை ஓரளவு ஈடுகட்டுகிறது. ஆகவே தொய்வு 8.8 மி.மீ. அளவிலேயே, அதாவது ஒன்றரை மடங்கில் நிற்கிறது.

உலர்சுருக்கம்

ஈரம் வெளியேறும்போது கான்கிரீட் சுருங்குகிறது. அடியிலுள்ள கம்பி அச்சுருக்கத்தைத் தடுக்கிறது. மேற்பகுதி தடையின்றிச் சுருங்குகிறது. இவ்வேறுபாடே உத்திரத்தைக் கீழ்நோக்கி வளைக்கிறது. இதன் பங்கு 1.5 மி.மீ. மேற்பகுதியில் 12 மி.மீ. கம்பிகள் இரண்டு இட்டால் இது சுமார் 1.1 மி.மீ.ஆகக் குறையும், ஊர்வும் சற்றுக் குறையும்.

சுவருக்கு வரும் பாதிப்பு

மொத்தத் தொய்வு 10.3 மி.மீ. நெறி அனுமதிக்கும் மொத்த அளவு நீளத்தில் 250-இல் ஒரு பங்கு, அதாவது 20 மி.மீ. எனவே உத்திரத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் அதன் அடியை முட்டுமாறு செங்கல் தடுப்புச் சுவரை உடனே கட்டி இறுக அடைத்தால், பின்னர் வரும் 4.3 மி.மீ. தொய்வு சுவரின்மீது இறங்கும். சுமை தாங்குவதற்காகக் கட்டப்படாத அச்சுவரில் பூச்சு உப்பும், வெடிப்பு தோன்றும், கதவு நிலையில் சிக்கும். எனவே மேல் வரிசைக்கு மேலுள்ள இடைவெளியை இயன்றவரை தாமதமாக, நெகிழும் பொருளால் அடைக்க வேண்டும்.

முட்டுகளை 7 நாளிலேயே எடுத்துச் சுமையேற்றினால் ஊர்வுக் கெழு 2.2 ஆகிவிடும். மேலும், இவை மதிப்பீடுகளே. ஈரப்பதத்தையும் நீராற்றலின் தரத்தையும் பொறுத்து உண்மையான தொய்வு கூடவோ குறையவோ செய்யும்.