இலங்கைக் காட்டில் பிறந்த அமெரிக்கப் புகழ்

1982-இல் பிரிட்டனின் டுரான் டுரான் குழு, இயக்குநர் ரஸ்ஸல் மல்காஹியுடன் இலங்கைக்கு வந்து பாடல்களைப் படமாக்கியது. ‘ஹங்ரி லைக் த வுல்ஃப்’ காணொளியில் பாடகர் சைமன் லெ பான் சந்தை நெரிசலிலும் காட்டிலும் ஒரு பெண்ணைத் தேடி ஓடுகிறார். மேடையும் மைக்கும் கிடையாது. சின்னஞ்சிறு சாகசப் படம் போலவே இருக்கும்.

அதே பாட்டு அமெரிக்காவில் இசைத்தட்டாக வந்தபோது வானொலி நிலையங்கள் கண்டுகொள்ளவில்லை.

அங்கே 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய எம்டிவி, நாள் முழுக்கப் பாடல் காட்சிகளைக் காட்டியது. அதற்கான காணொளிகளை இசை நிறுவனங்கள் இலவசமாகக் கொடுத்தன. ஆனால் அமெரிக்க ராக் குழுக்களிடம் அவை குறைவு. பிரிட்டிஷ் குழுக்களோ, தொலைக்காட்சியில் காட்டுவதற்கென்றே ஏற்கெனவே படமெடுத்து வைத்திருந்தன. அதனால் பெயரே தெரியாத இளைஞர்கள் அமெரிக்க வீடுகளில் திரும்பத் திரும்பத் தோன்றினார்கள். கேபிள் இணைப்பு முதலில் பரவிய சிற்றூர்களில், வானொலியில் ஒலிக்காத இசைத்தட்டுகளைக் கேட்டு ரசிகர்கள் கடைக்கு வந்தார்கள்.

இலங்கைக் காணொளியும் அப்படித்தான் ஓடியது. ‘ரியோ’ தொகுப்பை அமெரிக்கக் காதுக்கேற்ப மறுகலவை செய்து வெளியிட்டதும் உதவியது. 1983-இல் பாட்டு பில்போர்டு பட்டியலில் 3-ஆம் இடத்தைத் தொட்டது.

இந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டவில்லை என்பதுதான் வேதனை. கறுப்பினக் கலைஞர்களை எம்டிவி ஒதுக்குவதாக ரிக் ஜேம்ஸ் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ 1983-இல்தான் அந்தத் திரைக்கு வந்தது.